மறைந்த ஃபண்டுகளையும் சேர்த்துப் பத்தாண்டுச் சராசரியைக் கணக்கிடுவது எப்படி?

மியூச்சுவல் ஃபண்டுகளின் செயல்பாட்டு அட்டவணை ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு ஃபண்டின் பெயருக்கு எதிரே ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு வருவாய்கள் தரப்பட்டிருக்கும். அடியில் ‘வகைச் சராசரி’ என்று ஒரு வரி இருக்கும். முதலீட்டுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியைத்தான் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் இந்த வகை ஃபண்டுகளில் பணம் போட்டவர்களுக்குச் சராசரியாக என்ன கிடைத்தது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சொல்வது வேறு. அன்று இருந்த ஃபண்டுகளில் எவை இன்றுவரை மூடப்படாமல் இருக்கின்றனவோ, அவற்றில் மட்டும் பணம் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதே அந்த எண். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் சர்வைவர்ஷிப் பயஸ் என்கிறார்கள். தமிழில் தப்பிப்பிழைத்தவற்றின் பக்கமான சாய்வு எனலாம். பத்தாண்டு நிரல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் இந்தச் சாய்வு எவ்வளவு என்று கணக்கிட்டுத் திருத்தும் முறையைக் கீழே படிப்படியாகப் பார்க்கலாம்.

ஃபண்டு எப்படி மறைகிறது

ஒரு ஃபண்டு மறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சொத்துகளை விற்று, முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடுவது. மற்றொன்று, அதே நிறுவனத்தின் இன்னொரு ஃபண்டோடு இணைப்பது. இரண்டாவது வழியை நிறுவனங்கள் பெரிதும் விரும்புகின்றன. காரணம், பணம் வெளியே போவதில்லை. பொதுவாக மோசமாகச் செயல்பட்ட ஃபண்டு நன்றாகச் செயல்பட்ட ஃபண்டுக்குள் சேர்க்கப்படுகிறது, ஏற்றுக்கொள்ளும் ஃபண்டின் பழைய வருவாய் வரலாறே பல நேரங்களில் இணைப்புக்குப் பிறகும் தொடர்கிறது. சேர்க்கப்பட்ட ஃபண்டின் வரலாறு, இணைப்பு நாளோடு முடிந்துவிடுகிறது.

இதை ஒரு முதலீட்டாளரின் கணக்கில் வைத்துப் பார்த்தால் நன்கு விளங்கும். ஒருவரிடம் ஒரு ஃபண்டின் 1,000 யூனிட்டுகள் இருக்கின்றன. இணைப்பு நாளில் அதன் நிகர சொத்து மதிப்பு யூனிட்டுக்கு 12. ஏற்றுக்கொள்ளும் ஃபண்டின் மதிப்பு யூனிட்டுக்கு 48. அவருடைய 1,000 யூனிட்டுகள் 250 யூனிட்டுகளாக மாறுகின்றன. மொத்த மதிப்பு 12,000 என்பது மாறவில்லை. அன்று அவருக்கு எந்த இழப்பும் இல்லை, யாரும் அவரை ஏமாற்றவும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் அவர் அட்டவணையைப் பார்க்கும்போது, இப்போது தம்மிடமுள்ள ஃபண்டின் பெயருக்கு எதிரே பத்தாண்டு வருவாய் 12 சதவீதம் என்று இருக்கிறது. அந்த 12 சதவீதத்தின் பெரும்பகுதி, அவர் அந்த ஃபண்டில் இல்லாத காலத்தில் ஈட்டப்பட்டது. அவர் உண்மையில் ஈட்டிய குறைந்த வருவாய்க்கு அட்டவணையில் இடமே இல்லை.

இதில் பெரும்பாலும் சதி எதுவும் கிடையாது. அட்டவணையைத் தயாரிக்கும் மென்பொருள் இன்று இயங்கும் ஃபண்டுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவற்றில் எவற்றுக்குப் பத்தாண்டு வரலாறு இருக்கிறது என்று பின்னோக்கிப் பார்க்கிறது. இன்றைய பட்டியலில் இல்லாதவை அந்தத் தேடலில் அகப்படுவதில்லை. தேறமாட்டார்கள் என்று தோன்றிய மாணவர்களைத் தேர்வுக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டுத் தேர்ச்சி விகிதம் கணக்கிடும் பள்ளியைப் போன்றது இது. அறிவிக்கப்படும் விகிதத்தில் கணக்குப் பிழை இருக்காது, வகுத்த எண்தான் தவறு.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள்

முதல் படியாக, வருவாய் எண்களைத் தொடாமல், ஒவ்வொரு நிரலிலும் எத்தனை ஃபண்டுகளுக்கு எண் தரப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் கணக்குக்காக ஒரு கற்பனை வகையை வைத்துக்கொள்வோம். அதன் ஓராண்டு நிரலில் ஒன்பது ஃபண்டுகளும் பத்தாண்டு நிரலில் ஏழு ஃபண்டுகளும் இருக்கின்றன. மீதி இரண்டுக்கு எதிரே சிறு கோடு மட்டும் போடப்பட்டிருக்கிறது.

இங்கே புதியவர்கள் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒன்பதிலிருந்து ஏழைக் கழித்து, இரண்டு ஃபண்டுகள் மறைந்துவிட்டன என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. அந்த இரண்டும் பத்தாண்டு வயதாகாத இளம் ஃபண்டுகள். அவை உயிரோடுதான் இருக்கின்றன. மறைந்த ஃபண்டுகள் பத்தாண்டு நிரலில் மட்டுமல்ல, எந்த நிரலிலும் இல்லை. அவற்றுக்குக் கோடுகூடப் போடப்படுவதில்லை. எனவே இன்றைய அட்டவணையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மறைந்தவற்றின் எண்ணிக்கை கிடைக்காது. பத்தாண்டுகளுக்கு முந்தைய பட்டியல் ஒன்று கட்டாயம் தேவை.

பழைய பட்டியலைத் தேடி எடுப்பது

பத்தாண்டுக் காலத்தின் தொடக்க நாளன்று அந்த வகையில் என்னென்ன ஃபண்டுகள் இருந்தன என்பதே நமக்கு வேண்டிய பட்டியல். ஃபண்டு நிறுவனங்களின் பழைய ஆண்டறிக்கைகள், முதலீட்டு இதழ்கள் அன்று அச்சிட்ட அட்டவணைகள், துறை அமைப்புகளின் பழைய மாதாந்தர அறிக்கைகள் ஆகியவற்றில் இது கிடைக்கும். இணையத்தில் அப்போது வெளியான அட்டவணை என்றால், web.archive.org தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியை இட்டு, தேவையான ஆண்டின் பிரதி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே மூலத்தை நம்பாமல் இரண்டை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் இதழ்கள் இடப்பற்றாக்குறையால் சிறிய ஃபண்டுகளை விட்டுவிடுவது வழக்கம். பிற்பாடு மூடப்படுபவை பெரும்பாலும் அந்தச் சிறிய ஃபண்டுகளே.

நம் கற்பனை வகையில் அன்று பத்து ஃபண்டுகள் இருந்ததாகப் பழைய பட்டியல் காட்டுகிறது என்று கொள்வோம். இன்று அவற்றில் ஏழு இருக்கின்றன. மூன்றைக் காணவில்லை. அவற்றைக் க, ச, த என்று அழைப்போம்.

காணாமல் போன ஒவ்வொரு பெயருக்கும் என்ன நடந்தது என்று விசாரித்து எழுதுவது அடுத்த வேலை. இதில் அவசரப்படக் கூடாது. பெயரைக் காணவில்லை என்பதாலேயே ஃபண்டு மறைந்துவிட்டது என்று ஆகாது. நிறுவனம் கைமாறும்போது ஃபண்டின் பெயரின் முற்பகுதி மாறும். கொள்கை மாறும்போது பிற்பகுதி மாறும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, ஐஎஸ்ஐஎன் எனப்படும் தனி அடையாள எண்ணையோ ஒழுங்குமுறை அமைப்பு தந்த திட்டக் குறியீட்டையோ பிடித்துக்கொண்டு தேடுங்கள். யூனிட்தாரர்களுக்கு அனுப்பப்பட்ட இணைப்பு அறிவிப்போ மூடல் அறிவிப்போ கிடைத்தால் சிக்கல் தீர்ந்தது. எந்த நாளில், எந்த ஃபண்டோடு, என்ன காரணம் காட்டி என்ற மூன்றும் அதில் இருக்கும்.

பட்டியலில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. முதிர்வு நாள் முன்பே குறிக்கப்பட்ட, குறிப்பிட்ட காலத்துக்கான ஃபண்டு, அந்த நாளில் முடிவது இயல்பானது. அதை மறைந்த ஃபண்டாக எண்ணினால் சாய்வு இல்லாத இடத்தில் சாய்வைக் காட்டியவர்கள் ஆவோம். அதேபோல், ஒரே முதலீட்டுத் தொகுப்புக்கு வெவ்வேறு கட்டணத்தில் பல பிரிவுகள் இருக்கும். அவற்றில் ஒரு பிரிவை நிறுத்தினால் ஃபண்டு மறைந்ததாகப் பொருளில்லை. ஒரு தொகுப்புக்கு ஒரு வரி என்பதே விதி. இன்னொரு வகைக்கு மாற்றப்பட்ட ஃபண்டை மட்டும், தொடக்க நாளில் அது இருந்த வகையிலேயே வைத்துக் கணக்கிட வேண்டும். ஏனெனில் அன்று பணம் போட்டவர் அந்த வகை என்று நம்பித்தான் போட்டார். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டதாக வந்தால், உடனே அதிர்ச்சி அடையாமல், பெயர் மாற்றங்களையும் பிரிவுகளையும் தவறுதலாக எண்ணிவிட்டோமா என்று முதலில் சரிபாருங்கள். நீண்ட காலத்தில் பாதி மறைவதும் நடக்கக்கூடியதே என்றாலும், சந்தேகம் முதலில் நம் பட்டியலின் மேல்தான் விழ வேண்டும்.

வென்றவர்களை எண்ணுவது

வருவாய்களைத் தேடி எடுப்பதற்கு முன்பே, எண்ணிக்கையை வைத்து ஒரு பயனுள்ள விடையைப் பெற்றுவிடலாம். நம் ஏழு ஃபண்டுகளின் பத்தாண்டு வருவாய், ஆண்டுக்கு 14, 13, 12, 11, 10, 9, 8 சதவீதம். சராசரி 11. இவற்றோடு ஒப்பிட வேண்டிய சந்தைக் குறியீடு அதே காலத்தில் ஆண்டுக்கு 10.5 சதவீதம் வளர்ந்திருக்கிறது. அட்டவணையின்படி நான்கு ஃபண்டுகள் குறியீட்டை வென்றிருக்கின்றன. ஏழில் நான்கு என்றால் 57 சதவீதம். ‘பெரும்பாலான ஃபண்டுகள் குறியீட்டை வென்றன’ என்று விளம்பரம் எழுதிவிடலாம், அதில் ஒரு எழுத்தும் பொய்யாக இருக்காது.

இப்போது வகுக்கும் எண்ணை மாற்றுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் முன்னால் பத்து ஃபண்டுகள் இருந்தன. எது மூடப்படும் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பத்தில், பத்தாண்டு முழுவதும் உயிரோடிருந்து குறியீட்டையும் வென்றவை நான்கு. விகிதம் 40 சதவீதம். பெரும்பான்மை சிறுபான்மையாகிவிட்டது. க, ச, த ஆகியவற்றின் வருவாய் என்னவென்று நாம் இன்னும் தேடவே இல்லை.

எஸ்&பி டவ் ஜோன்ஸ் வெளியிடும், ஃபண்டுகளைக் குறியீடுகளோடு ஒப்பிடும் ஸ்பைவா அறிக்கைகள் தொடக்க நாள் எண்ணிக்கையைத்தான் வகுக்கும் எண்ணாகக் கொள்கின்றன; கூடவே எத்தனை சதவீத ஃபண்டுகள் தப்பிப்பிழைத்தன என்பதையும் தனி அட்டவணையாகத் தருகின்றன. மார்னிங்ஸ்டார் வெளியிடும் ஆக்டிவ்–பாசிவ் பாரோமீட்டர் அறிக்கையில் வரும் வெற்றி விகிதமும் இப்படிப்பட்டதே: தப்பிப்பிழைத்திருக்கவும் வேண்டும், வென்றிருக்கவும் வேண்டும். உங்களுக்குத் தேவையான வகை இந்த அறிக்கைகளில் இருந்தால், மேலே சொன்ன உழைப்பில் பாதி மிச்சம்.

மறைந்தவற்றின் வருவாயை எப்படிச் சேர்ப்பது

இனிதான் வேலையின் நுணுக்கமான பகுதி. க, ச, த மூன்றின் பழைய நிகர சொத்து மதிப்புகளைத் திரட்டியதில் பின்வருவன தெரியவந்தன என்று கொள்வோம். க ஆண்டுக்கு 3 சதவீதம் என்ற அளவில் நான்கு ஆண்டுகள் ஓடி மூடப்பட்டது. முதலீட்டாளர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ச ஆண்டுக்கு 5 சதவீதத்தில் ஆறு ஆண்டுகள் ஓடி, நம் பட்டியலில் 9 சதவீதம் காட்டும் ஃபண்டோடு இணைக்கப்பட்டது. த ஆண்டுக்கு 4 சதவீதத்தில் ஏழு ஆண்டுகள் ஓடி, 12 சதவீதம் காட்டும் ஃபண்டோடு இணைக்கப்பட்டது. கணக்கு எளிதாக இருப்பதற்காக, ஒவ்வொரு ஃபண்டும் குறியீடும் எல்லா ஆண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்ததாக வைத்துக்கொள்கிறேன். உண்மையில் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் இருக்கும், அப்போது அந்தந்த ஆண்டின் உண்மையான வருவாயை இட வேண்டும்.

முதலில் தோன்றும் வழி, 3, 5, 4 ஆகியவற்றை ஏழு எண்களோடு அப்படியே கூட்டிப் பத்தால் வகுப்பது. 77 உடன் 12 சேர்த்தால் 89, சராசரி 8.9. இந்த வழி கவர்ச்சியானது, ஆனால் தவறானது. நான்கு ஆண்டு மட்டும் ஓடிய க ஃபண்டின் 3 சதவீதத்தை, பத்தாண்டு முழுக்க ஈட்டிய 3 சதவீதம் போல அது நடத்துகிறது. க ஃபண்டின் முதலீட்டாளர் நான்காம் ஆண்டு முடிவில் பணத்தை வாங்கிக்கொண்டு ஆறு ஆண்டுகள் அதே மந்த வேகத்தில் கிடந்ததாக நாம் கொள்ள முடியாது. எதிர்ப்பக்கம் அதிகமாகத் திருத்துவதும் சாய்வுதான். மறைந்த ஃபண்டுகளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள் ஆர்வத்தில் இந்தத் தவறைச் செய்வதைப் பலமுறை பார்க்க முடிகிறது.

சரியான வழி, பணத்தைப் பின்தொடர்வது. தொடக்க நாளில் ஒவ்வொரு ஃபண்டிலும் 100 போட்டதாக வைத்துக்கொண்டு, அந்த 100 பத்தாண்டு முடிவில் எங்கே, எவ்வளவாக இருக்கிறது என்று பாருங்கள். இணைப்பு என்றால் விடை எளிது, பணம் ஏற்றுக்கொண்ட ஃபண்டுக்குத்தான் போயிருக்கிறது. ஆகவே ச ஃபண்டில் போட்ட பணம் ஆறு ஆண்டுகள் 5 சதவீதத்திலும் பிந்தைய நான்கு ஆண்டுகள் 9 சதவீதத்திலும் வளர்ந்தது. எக்ஸெல்லில் இதை ஒரே வரியில் எழுதலாம்:

```
=(1.05^6*1.09^4)^(1/10)-1
```

விடை 0.0658, அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 6.6 சதவீதம். த ஃபண்டுக்கு ஏழு ஆண்டுகள் 4 சதவீதம், மூன்று ஆண்டுகள் 12 சதவீதம், விடை 6.3. அதாவது, 12 சதவீத ஃபண்டு என்று அட்டவணை புகழும் ஃபண்டில் இன்று யூனிட் வைத்திருக்கும் ஒருவர், அந்தப் பத்தாண்டில் பார்த்தது 6.3 சதவீதம். இணைப்பின் விளைவு இவ்வளவு அப்பட்டமாக வேறெங்கும் தெரிவதில்லை.

க ஃபண்டின் நிலைமை வேறு. பணம் முதலீட்டாளர் கைக்கு வந்துவிட்டது. அதன்பின் அவர் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியாது. ஒரு ஊகம் வைத்துத்தான் ஆக வேண்டும். அன்றே அதைச் சந்தைக் குறியீட்டில் போட்டதாகக் கொள்வது ஒரு வழி. மீதமுள்ள ஃபண்டுகளில் சமமாகப் பிரித்துப் போட்டதாகக் கொள்வது இன்னொரு வழி. எனக்கு முதல் வழி பிடிக்கும், காரணம் அது ஃபண்டுக்குச் சாதகமான ஊகம்: க மூடப்பட்ட பிறகு அதன்மேல் எந்தக் குற்றமும் சுமத்தாமல், குறியீட்டுக்கு இணையான வேகத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறோம். அப்படியும் சராசரி கீழே வந்தால், திருத்தம் மிகையானது என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு ஆண்டுகள் 3 சதவீதமும் ஆறு ஆண்டுகள் 10.5 சதவீதமும் சேர்ந்து ஆண்டுக்கு 7.4 சதவீதமாகின்றன.

இப்போது கூட்டுங்கள். 77 உடன் 7.4, 6.6, 6.3 சேர்த்தால் 97.3, பத்தால் வகுத்தால் 9.7. அட்டவணை சொன்ன 11 சதவீதத்துக்கும் இதற்கும் 1.3 சதவீதப் புள்ளி வித்தியாசம். குறியீட்டைவிட அரை சதவீதம் கூடுதல் என்று தெரிந்த வகை, குறியீட்டைவிட 0.8 சதவீதம் குறைவு என்று ஆகிவிட்டது.

விடையைச் சரிபார்க்க மற்றொரு முறையும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும், தொடக்கப் பட்டியலில் அந்த ஆண்டு உயிரோடிருந்த எல்லா ஃபண்டுகளின் சராசரியை எடுத்து, பத்து ஆண்டுச் சராசரிகளையும் சங்கிலியாகப் பெருக்குவது. முதல் நான்கு ஆண்டுகளில் பத்து ஃபண்டுகளின் சராசரி 8.9, அடுத்த இரண்டில் ஒன்பதின் சராசரி 9.6, ஏழாம் ஆண்டில் எட்டின் சராசரி 10.1, கடைசி மூன்றில் ஏழின் சராசரி 11. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 9.8 சதவீதம் வருகிறது. பணத்தைப் பின்தொடரும் முறை தந்த 9.7 உடன் இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. இரண்டு முறைகளின் விடைகள் வெகுதூரம் விலகினால், ஏதோ ஓர் இணைப்பு நாளையோ ஏற்றுக்கொண்ட ஃபண்டையோ தவறாகக் குறித்திருக்க வாய்ப்பு அதிகம்.

மூடப்பட்ட ஃபண்டுகளில் ஒரு எச்சரிக்கை. கடைசியாக வெளியான நிகர சொத்து மதிப்பும் முதலீட்டாளர் கைக்கு வந்த தொகையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எளிதில் விற்க முடியாத சொத்துகள் இருந்தால், விற்று முடிக்கும்போது குறைந்த விலையே கிடைக்கும். பணமும் தவணை தவணையாக வரும். கடைசி மதிப்பை இட்டால் மறைந்த ஃபண்டின் வருவாய் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். திருப்பித் தந்த தொகை தெரிந்தால் அதையே இடுங்கள்.

எந்த நிரலில் எவ்வளவு கவலைப்பட வேண்டும்

நம் எடுத்துக்காட்டில் வந்த 1.3 என்ற வித்தியாசம் சற்றுப் பெரியது. பத்தே ஃபண்டுகள் கொண்ட பட்டியலில் மூன்று மறைந்தால் அப்படித்தான் வரும். எட்வின் எல்டன், மார்ட்டின் குரூபர், கிறிஸ்டோபர் பிளேக் ஆகிய மூவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பங்கு ஃபண்டுகளில் இந்தச் சாய்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.9 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 2002இல் மார்க் கார்ஹார்ட்டும் மற்ற மூவரும் வெளியிட்ட ஆய்வு, நமக்கு இன்னும் பயன்படும் ஒன்றைச் சொல்கிறது: காலம் நீள நீளச் சாய்வும் வளர்கிறது. ஓராண்டு மட்டும் எடுத்துக்கொண்டால் அது 0.07 சதவீதம்தான், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்.

இதற்குக் காரணம் எளிது. ஓராண்டுக்குள் மறையும் ஃபண்டுகள் சிலவே. பத்து, பதினைந்து ஆண்டுகளில் அவை குவிந்துவிடுகின்றன. ஆகவே ஓராண்டு நிரலின் சராசரியை அப்படியே படிக்கலாம், அதற்காக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு முரண் இருக்கிறது. ஓராண்டு எண்களை நம்பாதே, நீண்டகால எண்களைப் பார் என்றுதான் எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். அந்த அறிவுரை சரியானதே. எனினும் அதைக் கேட்டு நடப்பவர் நேராகப் போய்ச் சேர்வது, சாய்வு மிகுதியாக உள்ள நிரலில்.

சந்தைக் குறியீட்டிலும் நிறுவனங்கள் நீக்கப்படுகின்றனவே, அதற்கும் இதே குறை இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. நிகழ்காலத்தில் ஒழுங்காகக் கணக்கிடப்பட்டுவரும் குறியீட்டில் இல்லை. ஒரு நிறுவனம் சரிந்து நீக்கப்பட்டால், நீக்கப்படும் நாள்வரை அது சரிந்த இழப்பு முழுவதும் குறியீட்டின் வரலாற்றில் பதிந்துவிடுகிறது. பின்னோக்கிப் போய் அதை யாரும் அழிப்பதில்லை. ஃபண்டு வகைச் சராசரியில் நடப்பது அந்த அழிப்புதான். புதிதாக உருவாக்கி, பின்னோக்கிக் கணக்கிட்டுக் காட்டப்படும் குறியீடுகளை மட்டும் இந்த நம்பிக்கையோடு ஏற்க வேண்டாம்.

தரவரிசையில் திரும்பித் தாக்கும் விதம்

சாய்வு எல்லா ஃபண்டுகளையும் உயர்த்திக் காட்டுகிறது என்று எண்ண வேண்டாம். சராசரியைத்தான் அது உயர்த்துகிறது; தனித்தனி ஃபண்டுகளின் தரவரிசையை அது தாழ்த்துகிறது. நம் பட்டியலில் 10 சதவீதம் ஈட்டிய ஃபண்டைப் பாருங்கள். இன்றைய அட்டவணையில் அது ஏழில் ஐந்தாவது. சராசரிக்குக் கீழே, பின்பாதியில் இருக்கிறது. மறைந்த மூன்றையும் சேர்த்தால் அது பத்தில் ஐந்தாவது. முன்பாதியில் இருக்கிறது, திருத்திய சராசரியான 9.7ஐயும் தாண்டியிருக்கிறது. அதே ஃபண்டு, அதே வருவாய். ‘வகைச் சராசரியைவிடக் குறைவு’ என்ற ஒரே காரணத்துக்காக அதை விற்றுவிட்டு வெளியேறியவர், இல்லாத குறையைக் கண்டு வெளியேறியிருக்கிறார். குறியீட்டைவிட அரை சதவீதம் குறைவு என்பது வேறு விஷயம். அது உண்மையான குறை, அதை வைத்து முடிவெடுக்கலாம்.

மறைந்தவற்றின் வருவாய் கிடைக்கவே இல்லை என்றால்

பல நேரங்களில் பழைய பட்டியல் கிடைத்துவிடும், மறைந்த ஃபண்டுகளின் மதிப்புகள் கிடைக்காது. அப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: வகைச் சராசரி குறியீட்டுக்குச் சமமாக வேண்டுமானால், மறைந்த மூன்றில் போட்ட பணம் பத்தாண்டில் சராசரியாக ஆண்டுக்கு எவ்வளவு ஈட்டியிருக்க வேண்டும்? குறியீட்டின் வருவாயைத் தொடக்க எண்ணிக்கையால் பெருக்கி, தப்பிப்பிழைத்தவற்றின் கூட்டுத்தொகையைக் கழித்து, மறைந்தவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

```
=(10*10.5-77)/3
```

விடை 9.3. இனிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மூடப்பட்ட, அல்லது வேறொன்றுக்குள் கரைக்கப்பட்ட மூன்று ஃபண்டுகளில் போட்ட பணம் சராசரியாக ஆண்டுக்கு 9.3 சதவீதம் ஈட்டியிருக்குமா? எல்லா மூடல்களும் தோல்வியால் வருவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ளத்தான் வேண்டும். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது ஒரே மாதிரியான இரண்டு ஃபண்டுகளில் ஒன்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், நிறுத்தப்படும். இணைப்பு அறிவிப்பில் அந்தக் காரணம் இருந்தால், 9.3ஐ எட்டியிருக்கவும் கூடும். அப்போது அட்டவணையின் சராசரியை ஓரளவு நம்பலாம். ஃபண்டின் அளவு சுருங்கிப்போனது, முதலீட்டாளர்கள் வெளியேறியது என்பவை காரணங்களாக இருந்தால், அந்த எண்ணை எட்டியிருப்பது கடினம், ஏனெனில் தப்பிப்பிழைத்த ஏழிலேயே இரண்டு ஃபண்டுகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன.